நடக்காத காலுக்கு எதுக்கு நல்ல ஷூவா?

"நடக்கவே போறதில்லையே, ஏதோ ஒண்ணு மாட்டிவிட்டா போதாதாங்க?" ஊட்டியில ஒரு கடைக்காரர், என் தம்பி முகத்துக்கு நேரா கேட்டார். வீல்சேர் இருக்கிற வீட்டுல இந்தக் கேள்வி காதுல விழாதவங்க யாராவது இருக்கீங்களா?

நமக்கு ஷூ கடிச்சா வலிக்கும், கழட்டிருவோம். முதுகுத்தண்டு அடிபட்டவனுக்கு அந்த வலி வராது. உள்ள விரல் மடங்கினா, யாராவது கழட்டிப் பாக்கிற வரைக்கும் மடங்கியேதான் கிடக்கும்.

அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த ஆள் காலைப் பிடிச்சு ஷூவுக்குள்ள திணிச்சார். லேஸைத் தளர்த்தக்கூட இல்ல. குதிகால் இறங்கலைன்னதும் அடியில ஒரு தட்டு! மறுபடி ஒரு அமுக்கு. தம்பி கால் வெடுக்வெடுக்குனு உதற ஆரம்பிச்சது. "குளிருதா தம்பி?"ன்னார். குளிரில்லைங்க, உள்ள என்னமோ தப்பு நடக்குதுன்னு அந்தக் கால் சொல்ற ஒரே வழி அது. அதுக்கப்புறமும் முன்பக்கத்தை அமுக்கிப் பாத்து, "கச்சிதமா இருக்கு"ன்னு பாக்கெட் போடப் போனார். நான் பிடுங்காத குறையா கழட்டினேன். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில மடங்கி, மேல சிவப்பா ஒரு தடம். அப்படித் தடம் விழுந்தா விரல் வெச்சு அழுத்திப் பாக்கணும். அழுத்தினா வெளுக்கணும், அரை மணி நேரத்துல மறையணும். வீட்டுக்கு வந்து ராத்திரி அழுத்திப் பாத்தேன், வெளுக்கல. அழுத்தப்புண்ணோட முதல் படி அது. தடம் போற வரைக்கும் அந்தக் கால்ல ஷூவே கிடையாது, இந்த ஜனவரி உறைபனியில!

நாங்க கேக்கறது என்ன? விரல் நுனி வரைக்கும் திறக்கிற வெல்க்ரோ ஷூ. காலைத் திணிக்காம மேலிருந்து வெச்சு, அஞ்சு விரலும் நேரா இருக்கான்னு கண்ணால பாத்து மூடலாம். நாள் பூரா தொங்கற கால் சாயங்காலம் வீங்கும், அதனால சாயங்காலம்தான் அளவு பாக்கணும், குளிருக்குப் போடற சாக்ஸோட. உள்ள கைவிட்டா தையல் தடுக்கக் கூடாது. கதவு நிலையில முதல்ல இடிக்கிறது கால்விரல்தான், அதனால முன்பக்கம் கெட்டியா இருக்கணும், ஆனா விரலைத் தொடக் கூடாது.

"குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போடுங்க"ன்னு யோசனை வேற! இறுக்கமான ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்டா ரத்தம் ஓடாம கால் இன்னும்தான் ஜில்லுனு ஆகும். இன்னொருத்தர் வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னார். சுட்டா தெரியாத கால்லயா! உள்ள கம்பளித் துணி வெச்ச, தாராளமான ஷூ வேணும், அவ்வளவுதான்.

வெறுங்கையோட பேங்குக்காவது போலாம்னு போனா, சாய்தளத்துல குறுக்கே ஒரு ஸ்கூட்டர். யாருய்யா நீங்கள்லாம்?