கிளையண்ட் இல்லாத சப்டைட்டிலர் எதைக் காட்டி வேலை கேட்பது?

தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. "முன்னாடி செஞ்ச வேலை ஏதாவது அனுப்புங்க" என்பார்கள். அனுப்ப எதுவும் இருக்காது. உடனே ஓசியில் ஒரு முழுப் படத்தைச் செய்து தரக் கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று நிமிட மாதிரிகள் மூன்று இருந்தால் போதும். சப்டைட்டிலைச் சரிபார்க்கிறவர் முதல் இரண்டு நிமிடத்திலேயே உங்களை எடை போட்டுவிடுவார்.

மூன்றும் ஒரே மாதிரி காட்சியாக இருக்கக் கூடாது. ஒன்று, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் சண்டைக் காட்சி. இன்னொன்று, மச்சான், அண்ணி, "ஏய் கெழவி" என்று உறவும் வட்டார வழக்கும் நிறைந்த பேச்சு. மூன்றாவது, ஒரே ஆள் நீளமாகப் பேசும் பேட்டி அல்லது ஆவணப்படத் துண்டு. வேகம், பண்பாடு, துல்லியம் மூன்றையும் உங்களால் சமாளிக்க முடியும் என்று இவையே சொல்லிவிடும்.

இந்தத் தொழிலில் மொழிபெயர்ப்பை விடச் சுருக்கம்தான் கடினம். ஆங்கிலத்துக்குப் பரவலாகப் பின்பற்றும் அளவு இது: ஒரு நேரத்தில் இரண்டு வரி, இடைவெளியையும் சேர்த்து வரிக்கு 42 எழுத்து, ஒரு சப்டைட்டில் திரையில் அதிகபட்சம் 7 நொடி. படிக்கும் வேகம் நொடிக்கு 17 முதல் 20 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம்: "ஏன்டா, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடாம இங்கயே உட்கார்ந்திருக்கியே, வீட்ல யாராச்சும் திட்டினாங்களா?" நடிகர் இதை மூன்றே நொடியில் சொல்லிவிடுகிறார். புதியவர் இப்படி எழுதுவார்:

```
1
00:00:12,000 --> 00:00:15,000
You've been sitting here since morning without eating anything.
Did someone at home scold you?
```

முதல் வரியே 63 எழுத்து. இரண்டும் சேர்ந்து 93. மூன்று நொடியால் வகுத்தால் நொடிக்கு 31. பார்ப்பவர் பாதியைப் படிக்கும்போதே மறைந்துவிடும். இப்போது இதைப் பாருங்கள்:

```
1
00:00:12,000 --> 00:00:15,000
You haven't eaten since morning.
Trouble at home?
```

மொத்தம் 48 எழுத்து, நொடிக்கு 16. பையன் உட்கார்ந்திருப்பது திரையிலேயே தெரிவதால் அதை எழுத வேண்டியதில்லை. 'திட்டினாங்களா' என்பதன் கூர்மை கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அடுத்த வசனத்தில் பையனே அப்பா அடித்ததைச் சொல்லப் போகிறான் என்றால் அந்த இழப்பு ஈடாகிவிடும். இப்படி எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கைந்து முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி உடன் வையுங்கள். கிளையண்ட் பட்டியல் இல்லாத குறையை இந்த ஒரு பக்கம் நன்றாகவே ஈடுகட்டும்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இந்த எண்களையெல்லாம் அங்கேயே கணக்கிட்டுக் காட்டும், எல்லை தாண்டினால் நிறம் மாற்றி எச்சரிக்கும். எண்களை மட்டும் பார்த்தால் பிடிபடாத கோளாறுகளும் உண்டு. காட்சி மாறிய பிறகும் பழைய வசனம் அரை நொடி தொங்கிக்கொண்டிருந்தால் கண் உறுத்தும். நகைச்சுவையின் முடிவு, நடிகர் வாய் திறக்கும் முன்பே திரையில் வந்துவிட்டால் சிரிப்பு செத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கதை கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்தம் தேவை.

சரி, வீடியோவுக்கு எங்கே போவது? பிடித்த படத்திலிருந்து வெட்டி எடுத்து இணையத்தில் போடாதீர்கள். வசனத்தை மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருடையதே. "ரொம்பப் பழைய படம்தானே" என்பதும் எப்போதும் செல்லாது. இந்தியச் சட்டப்படி படத்துக்கான பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஆனால் அதில் வரும் பாடலுக்கு, எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. மற்றவர் எடுத்தாள உரிமையாளரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு யூடியூப் தேடலில் ஒரு வடிகட்டி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். ஏற்றியவர்தான் அதை எடுத்தவரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் படத்தை ஏற்றிவிட்டு அந்த உரிமத்தைப் போடுகிறவர்கள் நிறைய.

இதைவிட நல்ல வழி குறும்பட இயக்குநர்கள். வெளிநாட்டுத் திரைவிழாக்களுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டில் வேண்டும், பெரும்பாலும் கையில் பணம் இருக்காது. இலவசமாகச் செய்வது நியாயமாகிற ஒரே இடம் இதுதான் என்பேன், அதுவும் எல்லையோடு. 18 நிமிடப் படம் என்று வையுங்கள். வசனம் அடர்த்தியாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கே புதியவருக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் முழுப் படம் இரண்டு நாள் வேலை. முதல் நான்கு நிமிடம் இலவசம், பிடித்தால் மீதிக்கு நிமிடக் கணக்கில் காசு என்று கேட்டுப் பாருங்கள். முழுவதும் இலவசமாகவே செய்வதானால் வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்: "படத்தின் முடிவில் சப்டைட்டில் என்று என் பெயர் வரும். நான் தேர்ந்தெடுக்கும் மூன்று நிமிடத்தை மாதிரியாகக் காட்டுவேன். திருத்தம் இரண்டு சுற்று மட்டும். பிக்சர் லாக் ஆன பிறகே வேலை ஆரம்பம்."

கடைசி நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். பிக்சர் லாக் என்றால், இனி வெட்டுவதும் சேர்ப்பதும் இல்லை என்று எடிட்டிங் முடிந்த நிலை. நீங்கள் முடித்துக் கொடுத்த பிறகு இயக்குநர் நடுவில் ஆறு நொடியை வெட்டினால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை சப்டைட்டிலும் ஆறு நொடி தாமதமாக வரும். ஒரே வெட்டு என்றால் நகர்த்திவிடலாம். ஏழெட்டு இடத்தில் வெட்டினால் நேரம் குறிக்கும் வேலையைக் கிட்டத்தட்ட மறுபடி செய்ய வேண்டும்.

நிறுவனங்கள் வைக்கும் தேர்வு வேறு ரகம். தங்கள் விதிமுறை ஏட்டையும் கொடுத்து மூன்று முதல் ஐந்து நிமிடத் துண்டை அனுப்பினால் தயங்காமல் செய்யுங்கள். இருபது நிமிடம் கேட்டாலோ, நாளைக் காலைக்குள் வேண்டும் என்று விரட்டினாலோ சந்தேகப்படுங்கள். ஒரே படத்தைத் துண்டு துண்டாக ஐந்தாறு பேருக்குத் 'தேர்வு' என்று பிரித்துக் கொடுத்து முழு வேலையையும் ஓசியில் வாங்கிக்கொள்ள முடியும். துண்டின் மேல் ஓடும் நேரக்குறி 41ஆவது நிமிடத்தில் தொடங்கி, விதிமுறை ஏடும் தராமல், வெளிவராத படமாகவும் இருந்தால் மேலே காட்டியது போல நேரமும் வசனமும் கொண்ட எஸ்ஆர்டி கோப்பைக் கொடுக்காதீர்கள். சப்டைட்டிலை வீடியோவிலேயே பதித்து, மூலையில் உங்கள் பெயரையும் போட்டு, குறைந்த தரத்தில் அனுப்புங்கள். தரம் பார்க்க அதுவே போதும்.

உங்கள் மாதிரிகளையும் இப்படிப் பதித்த வீடியோவாகவே வையுங்கள். பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள், தனிக் கோப்பைத் திறக்க மாட்டார்கள். டிரைவ் இணைப்பு என்றால் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் யாரும் காத்திருக்கப் போவதில்லை. அனுமதி வாங்கிச் செய்ததை அப்படியே சொல்லுங்கள். பயிற்சிக்குச் செய்ததற்குத் 'தனி மாதிரி' என்று தெளிவாகப் பெயரிடுங்கள். நிறுவனத் தேர்வுக்கு வந்த துண்டை மட்டும் எங்கும் காட்டக் கூடாது.

காசு வரும் வேலை கிடைத்ததும் இந்த மாதிரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய நிறுவன வேலைகளில் ரகசிய ஒப்பந்தம் இருக்கும், படம் வெளிவந்த பிறகும் துண்டைக் காட்ட விடமாட்டார்கள். அடுத்தவரிடம் வேலை கேட்கும்போது அப்போதும் இந்த மூன்றைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.