லேப்டாப் எப்போது வரும் என்று கேட்டது ஒரு குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "இன்னும் வேலைக்கே சேரல, அதுக்குள்ள லேப்டாப் எங்க, இன்டர்நெட் காசு எவ்வளவுன்னு பட்டியல்" என்று, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு ஆஃபர் வாங்கிய ஒரு பெண்ணின் மெயிலை மேடையில் வைத்து ஹெச்.ஆர். ஐயா படித்துக் காட்டினார். கூடமே சிரித்தது. பெயரைச் சொல்லவில்லை, வியாசர்பாடி என்று மட்டும் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மூன்று நாளாக அது உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஃபரில் கையெழுத்துப் போட்ட பிறகு, முதல் நாளுக்கு முன்பு, இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கேட்க வேண்டிய நேரமே அதுதான்.

2021-ல் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை எனக்கு முதல்முறையாகக் கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் பி.எஃப். இருந்தது, நோட்டீஸ் காலம் இருந்தது, லேப்டாப் பற்றி ஒரு வரி இல்லை. "கேட்டு வெச்சு கெடுத்துக்காதம்மா, சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. வாயை மூடிக்கொண்டேன். முதல் நாள் காலை ஐ.டி. பிரிவிலிருந்து அழைத்தவர், "உங்க சொந்த மெஷின்தான் மேடம், சொல்லியிருப்பாங்களே" என்றார். யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தது தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப், நான்கு ஜிபி ராம். வி.பி.என். போட்டு வீடியோ காலைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

அம்மாவின் செயினைச் சேட்டுக் கடையில் வைத்து, ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதோடும் முடியவில்லை. அதில் இருந்தது விண்டோஸ் ஹோம். கம்பெனி டொமைனில் ஹோம் சேராது, ப்ரோ வேண்டும் என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் எனக்குச் சம்பளம் இல்லாத விடுப்பாகப் பதிவானது. செயினை மீட்க எட்டு மாதம் ஆயிற்று. சேருவதற்கு முன் நான் அனுப்பாமல் விட்ட ஒரு மெயிலின் விலை அது.

அந்த மெயில் எப்படி இருக்க வேண்டும்? சேரும் தேதிக்குப் பத்து நாளாவது இருக்கும்போது அனுப்ப வேண்டும், ஏனென்றால் ஐ.டி. பிரிவு மெஷினைத் தயார் செய்து கூரியரில் போடவே ஒரு வாரம் போய்விடும். "லேப்டாப் தருவீர்களா" என்று கெஞ்ச வேண்டாம். "லேப்டாப் எந்தத் தேதிக்கு வந்து சேரும், எந்த முகவரியை உறுதிப்படுத்தட்டும்" என்று கேளுங்கள். தருவதாக இருந்தால் தேதி வரும். சொந்த மெஷின் என்றால் அதுவும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு ராம், ஹோமா ப்ரோவா, கம்பெனி அதில் என்ன மென்பொருள் போடும், வேலையை விட்டால் தூரத்திலிருந்தே எதை அழிப்பார்கள் என்று அடுத்த மெயிலில் கேட்கலாம். உங்கள் குடும்பப் போட்டோவெல்லாம் இருக்கிற மெஷின் அது.

இன்டர்நெட் காசில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறோம். "மாதம் ஆயிரம் தருவோம்" என்பதில் இரண்டு வகை உண்டு. சம்பளத்தோடு அலவன்ஸாக வந்தால் அது வருமானத்தில் சேரும், வரிக் கணக்கிலும் வரும். பில் காட்டி வாங்குவது என்றால் பில் வேண்டும், பெரும்பாலும் உங்கள் பெயரிலேயே வேண்டும். கொடுங்கையூரில் நான் இருக்கும் வீட்டில் கனெக்‌ஷன் ஹவுஸ் ஓனர் பெயரில் இருந்தது. கேபிள்கார அண்ணன் மாதாமாதம் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தச் சீட்டை அக்கவுன்ட்ஸில் எடுக்கவே மாட்டேன் என்றார்கள். நான்கு மாதப் பணம் போனது. முன்னாலேயே தெரிந்திருந்தால், சேருவதற்குள் என் பெயரில் ஜி.எஸ்.டி. பில்லோடு ஒரு கனெக்‌ஷன் வாங்கியிருப்பேன்.

கரண்ட் விஷயத்தையும் அதே மெயிலில் சேர்த்துக் கேட்கலாம். பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை மின்தடை என்ற அறிவிப்பு நமக்கெல்லாம் பழக்கம். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். வைத்தால் போதும் என்பார்கள். பாதி உண்மைதான். கரண்ட் போன நேரத்தில் யு.பி.எஸ்.ஸில் ஓடும் மோடத்தைப் பாருங்கள். LOS என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் நெட் வராமல் போனாலோ, கேபிள்காரர் தெருவில் வைத்திருக்கும் பெட்டிக்கும் கரண்ட் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியானால் உங்கள் வீட்டில் எத்தனை யு.பி.எஸ். வைத்தும் பலன் இல்லை, மொபைல் டேட்டாதான் வழி. அந்த டேட்டா செலவை ஏற்பார்களா என்பதும் நியாயமான கேள்விதான்.

"இதையெல்லாம் இன்டர்வியூவிலேயே கேட்டிருக்கணும்" என்று சொல்ல வருவீர்கள். சம்பளத்தில் கை வைக்கும் அளவுக்குப் பெரிய செலவு என்றால், ஆமாம், கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தேர்ந்தெடுப்பார்களா என்றே தெரியாதபோது கூரியர் முகவரியையா பேசுவது? "சேர்ந்த பிறகு கேட்கலாமே" என்பவர்களுக்கு என் செயின் கதையைத் தவிர வேறு பதில் இல்லை.

"ஆஃபரையே ரத்து பண்ணிட்டா?" இந்தப் பயத்தை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை, எனக்கும் இருந்ததுதான். இதுவரை நான் வேலை மாறியபோது இரண்டு முறை கேட்டேன், தெரிந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மெயில் எழுதிக் கொடுத்தேன், ஒருவருக்கும் ஆஃபர் போகவில்லை. லேப்டாப் தேதியைக் கேட்டதற்கே கோபப்படும் இடம் நாளைக்கு லீவு கேட்டால் என்ன செய்யும்? இது எல்லோருக்கும் ஆறுதல் ஆகாது என்று தெரியும். வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

ஆனாலும் எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பின் மேல்தான். அண்ணா நகரிலிருந்து ஒரு பையன் இதே மெயிலை அனுப்பியிருந்தால் 'தெளிவான பையன்' என்றிருப்பார்கள். வியாசர்பாடி என்றதும் அது பேராசை ஆகிவிட்டது. போன வேலையில் லேப்டாப் அனுப்பும் முன் என்னிடமே கேட்டார்கள், "அந்த ஏரியாவுக்கு அனுப்பினா சேஃபா இருக்குமா?" என்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது, அந்த லேப்டாப்பைத்தான் முதலில் பரண் மேல் ஏற்றினேன். என் புடவைகள் அதற்கப்புறம். தண்ணீரில் போயிருந்தால் காசு யார் கட்டுவது என்று முன்பே கேட்டு வைக்கவில்லையே என்றுதான் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் இதைப் படிப்பாளா தெரியாது. படித்தால், தங்கச்சி, நீ அனுப்பியது சரியான மெயில். பதில் வரவில்லை என்றால் இரண்டு வேலை நாள் பொறுத்து, அதே மெயிலுக்குக் கீழேயே மறுபடியும் கேள். போனில் சொன்னால், "நீங்க சொன்னபடி" என்று ஆரம்பித்து அதை மெயிலில் எழுதி அனுப்பிவிடு. பெட்டி வந்ததும் பிரிக்கும்போதே போட்டோ எடு, சீரியல் நம்பரையும் கீறல் இருந்தால் அதையும் அன்றைக்கே எழுதி அனுப்பு. வேலையை விடும்போது அதைத்தான் காட்டிக் கணக்கு முடிப்பார்கள். மெயில் எழுத ஆள் வேண்டும் என்றால் எனக்கு மெசேஜ் போடு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.