கட்டம் காலி, அனுமதி மட்டும் உண்டு

மண்டபத்தில் கணவாயும் நண்டும் கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. எங்கள் மென்பொருளில் 'யாருக்கு என்ன அனுமதி' என்று ஒரு திரை இருக்கிறது. அதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது எங்கள் மேலாளர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த அட்டவணையில் ஆட்களின் பெயர்களே இல்லை. வரிசைகளில் எடையாளர், கணக்காளர் என்று பொறுப்புகள் நிற்கின்றன, மேலே purchase.rate.override போன்ற தலைப்புகள். அது 'முடித்த சீட்டில் விலையைத் திருத்துவது' என்று நான்தான் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எடையாளர் வரிசையில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததால், எங்கள் பாம்பன் கொள்முதல் மையத்தில் எடை போடும் தம்பியால் விலையைத் தொட முடியாது என்று அவர் நம்பினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கணக்காளர் விடுப்பில் போனபோது, பழைய பாக்கியை முடிப்பதற்காக அந்தத் தம்பிக்குக் கணக்காளர் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். தடை முடிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு பொறுப்புகள் இருந்தால் எங்கள் மென்பொருள் இரண்டின் அனுமதிகளையும் கூட்டிவிடும். ஒன்றில் இல்லாதது மற்றதிலிருந்து வந்துவிடும். அந்தக் கூட்டுத்தொகை திரையில் எங்கும் தெரியாது.

ஒரு நாள் படகுக்காரர் கையிலிருந்த சீட்டில் கணவாய் கிலோ 320 ரூபாய், எங்கள் பேரேட்டில் 340. நாற்பத்தாறு கிலோவுக்கு 920 ரூபாய் வித்தியாசம். விலை ஏறியதைக் கேள்விப்பட்டுத் தம்பி நல்லெண்ணத்தோடு திருத்தியிருக்கிறார்; அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. பதறிய அக்கா, கணக்காளர் வரிசையில் அந்த ஒரு டிக்கை எடுத்துச் சேமித்தார். தம்பியை நிறுத்தியதாக அவர் நினைத்தார்; நிறுத்தப்பட்டதோ எல்லா மையங்களின் கணக்காளர்களும். அன்று மாலை தொண்டியில் தவறாக விழுந்த ஒரு விலையைத் திருத்த வழியில்லாமல், பணத்துக்கு நின்றவர்களிடம் கணக்காளர் திட்டு வாங்கினார். 'இந்த மாற்றம் நான்கு பேரைப் பாதிக்கும்' என்று சேமிக்கும் முன் ஒரு வரி காட்டுவதற்கு என்ன கேடு?

நான் கேட்பது பெரிய வித்தை அல்ல. வரிசைக்கு ஓர் ஆள் வேண்டும். கட்டத்தில் இறுதி நிலை தெரிய வேண்டும். அதைத் தொட்டால் 'கணக்காளர் பொறுப்பு வழியாக, பாம்பன் மையத்துக்கு மட்டும்' என்று காரணமும் எல்லையும் வர வேண்டும். இப்போதோ ஒரு மையத்துக்கு உள்ள அனுமதிக்கும் எல்லா மையங்களுக்கும் உள்ள அனுமதிக்கும் ஒரே பச்சை டிக். இரவல் கொடுத்த பொறுப்புக்கு முடிவுத் தேதி போடவும் இடமில்லை.

விற்றவர்களிடம் கேட்டால், "சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது சார்" என்கிறார்கள். செய்கிறதுதான்; அதை யார் மறுத்தார்கள்? அக்கா இப்போது யார் எதைச் செய்யலாம் என்று ஒரு தாளில் கையால் எழுதி, ஐஸ் பெட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.