பேஸ்புக் நிதி திரட்டல்: பணம் யார் கணக்குக்குப் போகிறது?

"பேஸ்புக்ல யார் நிதி திரட்டினாலும் பணம் ஆரம்பிச்சவர் கணக்குக்குத்தான் போகும். அதுல கம்பெனியும் கமிஷன் எடுத்துக்கும்."

அண்ணே, இது பாதிதான் சரி. பாலக்கோடு அண்ணன் பகிர்ந்த பக்கத்தை இப்பதான் பார்த்தேன். அமெரிக்காவிலிருக்கும் அவர் மருமகன் தன் பிறந்தநாளுக்கு அங்கே பதிவான ஓர் அறக்கட்டளைக்காகத் தொடங்கியது. இந்த வகையில் பணம் அறக்கட்டளைக்குத்தான் போகும், மருமகன் தொடவே முடியாது. இதற்கு பேஸ்புக் கம்பெனியான மெட்டா கமிஷனும் எடுப்பதில்லை.

நீங்கள் சொல்வது பொருந்துவது தனிநபர் திரட்டலுக்கு, அதாவது ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி. அங்கே பணம் பெரும்பாலும் தொடங்கியவரின் வங்கிக் கணக்குக்கே வரும், பரிவர்த்தனைக் கட்டணமும் கழியும். ஊத்தங்கரை தம்பி தன் சித்தப்பா விஷயத்தில் பார்த்தது இதுதான்.

"ரெண்டு மாசமாச்சு, இன்னும் போய்ச் சேரல" என்று ஒருவர் கேட்டிருந்தார். மெட்டாவிடம் நேரடியாகப் பதியாத அறக்கட்டளைக்கு இடையில் வேறொரு அமைப்பு வழியாகப் பணம் போவதால் அவ்வளவு நாள் ஆவதுண்டு. இவர் விஷயத்திலும் அதுதானா என்பதை அறக்கட்டளையைத்தான் கேட்கணும்.

சரிபார்க்க, பக்கத்தில் தொடங்கியவர் பெயரோடு பணம் பெறுபவர் பெயரும் இருக்கும், பாருங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு வரும் ரசீது மின்னஞ்சலிலும் அதே பெயர் இருக்கணும். அமெரிக்க அறக்கட்டளை என்றால் அந்நாட்டு வரித்துறையின் irs.gov தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், இலவசம்தான்.