24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

ஒரு நாட்டில் அபாயகரமான புதிய நோய் தென்பட்டால் அதை 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாளிதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. விதி அவ்வளவு கறாரானதல்ல. 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 6ஆவது பிரிவு, தனக்குக் கிடைத்த தகவலை நாடு மதிப்பிட்டு முடித்ததிலிருந்து 24 மணி நேரம் என்கிறது. நோயாளி மருத்துவமனைக்கு வந்த நேரமோ, ஆய்வகம் கிருமியை உறுதி செய்த நேரமோ அங்கே கணக்கில் இல்லை. மதிப்பீடு எப்போது முடிந்தது என்பதை அந்த நாடே சொல்லிக்கொள்ளலாம். மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில், இந்த ஒழுங்குவிதிகளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் கருதுகிறேன். அதை 2017இல் நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில், எதைத் தெரிவிப்பது என்று ஒரு நாடு எப்படி முடிவு செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஒழுங்குவிதிகளின் இரண்டாம் இணைப்பில் இதற்கென ஒரு பக்க அளவில் ஒரு முடிவு வரைபடம் இருக்கிறது. பெரியம்மை, இயற்கை வகைப் போலியோ வைரஸால் வரும் இளம்பிள்ளைவாதம், மனிதரிடம் காணப்படும் புதிய வகை இன்ஃப்ளூயன்சா, சார்ஸ் ஆகிய நான்கிலும் யோசிப்பதற்கு இடமில்லை. ஒரே ஒரு நோயாளி இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். காலரா, நுரையீரல் பிளேக், மஞ்சள் காய்ச்சல், எபோலா போன்றவை இரண்டாவது பட்டியலில் உள்ளன. இவை எங்கே தோன்றினாலும் வரைபடத்தின் கேள்விகளுக்கு உட்படுத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பட்டியலே கிடையாது. காரணம் தெரியாத நோய் உட்பட, பிற நாடுகளுக்குக் கவலை தரக்கூடிய எந்த நிகழ்வும் அதில் அடங்கும். பழைய ஒழுங்குவிதிகள் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் என்ற மூன்றோடு நின்றுவிட்டிருந்த நிலையில், இந்த மூன்றாவது கட்டம்தான் புதிய விதிகளின் உண்மையான சாதனை.

கேள்விகள் நான்கு. பொதுச் சுகாதாரத்தின் மீது தாக்கம் கடுமையானதா? நிகழ்வு வழக்கத்துக்கு மாறானதா, எதிர்பாராததா? எல்லை தாண்டிப் பரவும் அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளதா? பயணத்துக்கோ வர்த்தகத்துக்கோ பிற நாடுகள் தடை விதிக்கும் அபாயம் உள்ளதா? இவற்றில் ஏதேனும் இரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தால் தெரிவிக்க வேண்டும். நான்குக்கும் ஆம் என்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது அகமதாபாத்துக்கு வருவோம். 2016 நவம்பரில் அங்குள்ள பி.ஜே. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இலேசான காய்ச்சல் வந்தது. குழந்தை நலமாக இருந்தது. அவர் அண்மையில் வெளியூர் எங்கும் சென்றதாகத் தகவல் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் செய்த பரிசோதனை ஜிகா வைரஸைக் காட்டியது. மாதிரி புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. அங்கே மரபணு வரிசையையும் பார்த்து, 2017 ஜனவரி 4 அன்று உறுதி செய்தார்கள். அதன்பின் அதே பாபுநகர் பகுதியைச் சேர்ந்த மேலும் இரண்டு பேர் கண்டறியப்பட்டார்கள்: காய்ச்சல் நோயாளிகளிடம் எடுத்து வைத்திருந்த மாதிரிகளிலிருந்து ஒரு முதியவர், பேறுகால மருத்துவப் பிரிவுக்கு வந்தவர்களிடம் எடுத்த மாதிரிகளிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணி.

ஜிகா இரண்டு பட்டியல்களிலும் இல்லாததால், மூன்றாவது கட்டத்தின் வழியாகவே வர வேண்டும். ஜனவரி 4 மாலை டெல்லியில் அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் ஓர் அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். முதல் கேள்விக்கு, ஒரே நோயாளி, அதுவும் இலேசான காய்ச்சல் என்பதால் இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்குக் கீழே உள்ள துணைக் கேள்விகள், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பெரும் தாக்கம் ஏற்படுத்தக்கூடிய கிருமியா, எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்கள் ஆபத்தில் உள்ளார்களா, மக்கள் நெருக்கம் மிகுந்த இடமா என்றெல்லாம் கேட்கின்றன. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் கிருமி, நெருக்கமான ஒரு நகர்ப்பகுதியில் பிரசவ வார்டில் தென்பட்டிருக்கிறது. என் கணக்கில் இது ஆம். வாதத்துக்காக இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேள்வியில் வாதத்துக்கே இடமில்லை. ஆய்வகத்தில் இப்படி உறுதி செய்யப்பட்ட ஜிகா இந்தியாவில் அதற்கு முன் பதிவானதில்லை, பயணம் செய்யாதவரிடம் காணப்பட்டதால் கிருமி உள்ளூரிலேயே சுற்றுகிறது என்றும் பொருள். மூன்றாவது கேள்விக்கும் ஆம்தான். ஏடிஸ் கொசு உள்ள நகரம், பன்னாட்டு விமான நிலையம், ஜிகா குறித்த உலகளாவிய அவசர நிலை 2016 நவம்பர் 18 அன்றுதான் முடிவுக்கு வந்திருந்தது. இரண்டு ஆம் ஏற்கெனவே வந்துவிட்டன. நான்காவது கேள்விக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கணக்கைப் போடத் தேர்ந்த ஒருவருக்கு ஒரு பிற்பகல் போதும். முதல் இணைப்போ அவசர நிகழ்வுகளைத் தேசிய அளவில் 48 மணி நேரத்துக்குள் மதிப்பிடும் திறன் ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்க வேண்டும் என்கிறது. அதையும் 24 மணி நேரத்தையும் கூட்டினால் மூன்று நாள். அதாவது ஜனவரி 7. இந்தியச் சுகாதார அமைச்சகம் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்த நாள் மே 15. நிறுவனம் அதை வெளியிட்டது மே 26. இடையில் மார்ச் மாதம் மக்களவையில் ஒரு கேள்விக்கான எழுத்துப் பதிலில் அகமதாபாத் நோயாளி பற்றிய குறிப்பு இடம்பெற்றிருந்தது. பெரும்பாலானவர்களின் கண்ணில் அது படவே இல்லை.

இந்த நான்கு மாதங்களில் அரசு கைகட்டி இருந்தது என்று நான் சொல்லவில்லை. பாபுநகரில் கொசுக்களைப் பிடித்துச் சோதித்தார்கள், நாடு முழுவதும் மாதிரிகளை ஆய்வு செய்தார்கள். தாமதத்துக்கு உள்நோக்கம் கற்பிக்கவும் எனக்கு ஆதாரம் இல்லை. நான் கேட்பது வேறு. இவ்வளவு தாமதத்தையும் விதிமீறல் என்று எந்த அமைப்பும் ஏன் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை? மதிப்பீடு இன்னும் முடியவில்லை என்று சொல்வதற்கு ஒழுங்குவிதிகளே இடம் தருகின்றன என்பதுதான் பதில்.

அரசுகள் தயங்குவதற்கான காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1994 செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் பரவியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின, இந்தியப் பொருள்களைத் திருப்பி அனுப்பின. பயணத் தடை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் பலர் கேட்கவில்லை. இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒமிக்ரானைப் பற்றித் தெரிவித்தது. அடுத்த ஓரிரு நாள்களிலேயே ஒவ்வொரு நாடாக அதன் விமானங்களுக்குக் கதவடைத்தன. கூடுதல் தடை விதிக்கும் நாடு அதற்கான காரணத்தை 48 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு விளக்க வேண்டும் என்று 43ஆவது பிரிவு சொல்கிறது. விளக்காவிட்டால் தண்டனை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னவருக்கு உடனடி இழப்பு, மறைத்தவருக்கு எதுவும் இல்லை என்ற நிலையில் ஓர் அமைச்சகம் மதிப்பீட்டை நீட்டிக்கத்தான் பார்க்கும்.

ஆனால் தாமதத்தை நியாயப்படுத்தப் பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிவித்தால் மக்களிடம் பீதி கிளம்பும் என்பது ஒன்று. உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிப்பது பத்திரிகையாளர் சந்திப்பு அல்ல. 11ஆவது பிரிவின்படி அந்தத் தகவல் பொதுவாக உடனடியாக வெளியே விடப்படுவதில்லை. பிற நாடுகளுடன் பகிர்வதற்குக்கூட நிபந்தனைகள் உண்டு. உலகளாவிய அவசர நிலையை அறிவிப்பது இன்னும் வேறான விஷயம். அது நிபுணர் குழுவின் ஆலோசனை பெற்றுத் தலைமை இயக்குநர் எடுக்கும் முடிவு. தெரிவிக்கப்படும் நிகழ்வுகளில் மிகமிகச் சிலவே அந்த நிலைக்குப் போகின்றன.

முழு விவரமும் தெரியாமல் எப்படிச் சொல்வது என்பது மற்றொரு காரணம். இதற்காகவே 8ஆவது பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. தகவல் போதவில்லை, வரைபடத்தை நிறைவு செய்ய முடியவில்லை என்றால், முறைப்படி தெரிவிக்காமலேயே நிறுவனத்துடன் கலந்தாலோசிக்கலாம். அந்தப் பேச்சும் இரகசியமாகவே நடத்தப்படும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதிரி ஜிகா என்று வந்திருக்கிறது, மேலும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஜனவரியிலேயே ஒரு கடிதம் எழுதியிருந்தால், மே மாதம் வந்த கேள்விகள் எதுவும் வந்திருக்காது. கடிதம் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. இந்தியாவின் தேசியத் தொடர்பு மையமான தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும், நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வட்டார அலுவலகமும் டெல்லியிலேயே இருக்கின்றன.

தொடர்பு மையம் என்பது விதிப்படி எந்நேரமும் அணுகத்தக்க நிலையில் இருக்க வேண்டிய அலுவலகம். ஆனால் வரைபடத்தின் பதிலை அந்த மையமே முடிவு செய்து அனுப்பலாமா, மேலிட ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதை ஒழுங்குவிதிகள் அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டன. கோவிட் காலச் செயல்பாட்டை ஆராய்ந்த பரிசீலனைக் குழுவும் தன் 2021 அறிக்கையில், பல நாடுகளில் தொடர்பு மையங்களுக்குப் போதிய அதிகாரம் இல்லை என்று குறிப்பிட்டது. கீழிருந்து பார்த்தால் இதன் விளைவு நன்றாகத் தெரியும். மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும் மாநிலத்திலிருந்து மையத்துக்கும் தகவல் சில மணி நேரத்தில் போய்விடும். அதற்கு மேல் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பது அனுப்பியவருக்குத் தெரியவே வராது.

2024இல் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், பெருந்தொற்று அவசர நிலை என்ற புதிய படிநிலையைச் சேர்த்திருக்கின்றன. ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்துவதை ஒருங்கிணைக்கத் தேசிய அளவில் ஓர் அதிகார அமைப்பு வேண்டும் என்றும் சொல்கின்றன. மதிப்பீட்டிலிருந்து 24 மணி நேரம் என்ற வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதை மாற்ற ஜெனீவாவில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும்வரை இந்தியா காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய ஆய்வகம் ஒரு கிருமியை உறுதி செய்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடர்பு மையம் முறைப்படி தெரிவிக்க வேண்டும், இல்லையேல் 8ஆவது பிரிவின்படி கலந்தாலோசிக்க வேண்டும், இரண்டும் தேவையில்லை என்று முடிவு செய்தால் நான்கு கேள்விகளுக்குமான பதிலைக் காரணத்துடன் பதிவு செய்து மைய இயக்குநர் கையெழுத்திட வேண்டும் என்று ஓர் உள்நாட்டு ஆணை போதும். ஆய்வகம் உறுதி செய்த நாள், மதிப்பீடு முடிந்த நாள், தெரிவித்த நாள் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். 2017 ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா உறுதியானபோது தமிழ்நாட்டு மக்களுக்கு அந்த மாதமே தெரிந்தது. அகமதாபாத் செய்தி மே மாதம் வெளியாகியிருக்காவிட்டால் அதுவும் அவ்வளவு விரைவில் தெரிந்திருக்குமா என்பதை அறிய, அந்த மூன்று தேதிகளைத் தவிர வேறு வழி இல்லை.