ராபின் ஹூட் யாருக்குக் கொடுத்தான்?

எந்த ஊரிலாவது ஒருவன் கொள்ளையடித்த பணத்தில் நாலு பேருக்குக் கல்யாணம் நடத்திவைத்தான், சோறு போட்டான் என்று பேச்சு வந்தால் போதும், அவன் அந்த ஊர் ராபின் ஹூட் ஆகிவிடுகிறான். சரி, பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று பேர் வாங்கிய, இங்கிலாந்துக் கதைப்பாடல்களின் கொள்ளைக்காரனான அந்த அசல் ராபின் ஹூட் யாருக்குக் கொடுத்தான்? இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய பாடல்களை வரிவரியாகப் படித்தாலும், அவன் ஏழைகளைக் கூட்டிப் பணம் பிரித்துக் கொடுக்கும் காட்சி ஒன்றுகூடக் கிடைக்காது. குயவன் ஒருவனிடம் சட்டிபானைகளை வாங்கிக்கொண்டு அவற்றின் மதிப்பைவிடப் பல மடங்கு பணம் தருகிறான், உண்மைதான். ஆனால் அவன் அள்ளிக் கொடுத்த பெரிய தொகை போய்ச் சேர்ந்தது ஒரு நிலப்பிரபுவிடம்.

அந்தக் கதை 'கெஸ்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெடும்பாடலில் இருக்கிறது. நாலடிக் கண்ணிகள் 456, எட்டுப் பகுதிகள், ஏறத்தாழ 1500ஐ ஒட்டி அச்சானது. இதில் ராபின் இருப்பது எல்லோரும் சொல்லும் ஷெர்வுட் காட்டில்கூட இல்லை, யார்க்ஷையரின் பார்ன்ஸ்டேலில். விருந்தாளி வராமல் சாப்பிட உட்காரமாட்டேன் என்கிறான். ஆட்கள் சாலையில் போய் ஒரு நைட்டைப் பிடித்து வருகிறார்கள். பட்டமும் நிலமும் உள்ள போர்வீரன்தான், ஆனால் ஒரு கால் அங்கவடியில், இன்னொரு கால் தொங்கிக்கொண்டிருக்க, முகத்தைத் தலைமூடிக்குள் புதைத்து வருகிறான். மானிறைச்சியும் அன்னமும் வைத்து உபசரித்துவிட்டு, 'சாப்பிட்டதற்குக் காசு எடு' என்கிறான் ராபின். நைட் தன்னிடம் பத்து ஷில்லிங்தான் இருக்கிறது என்கிறான். ராபினின் வலதுகையான லிட்டில் ஜான் துணியை விரித்துப் பையைக் கொட்டிப் பார்க்கிறான். சரியாகப் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுண்டு.

அவன் நொடித்துப்போன காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். மகன் ஒரு கொலை செய்துவிட்டான். அவனைக் காப்பாற்ற, யார்க் நகரின் செயின்ட் மேரி மடத்தில் நிலத்தை அடமானம் வைத்து 400 பவுண்டு வாங்கியிருக்கிறான். கெடு முடியப்போகிறது, தவறினால் நிலம் மடத்துக்கு. ஜாமீன் யார் என்று கேட்டால், மாதாவைத் தவிர யாருமில்லை என்கிறான். ராபின் அந்த ஜாமீனை ஏற்று ஓராண்டுக் கடனாக 400 பவுண்டு கொடுக்கிறான். கூடவே துணியும் குதிரையும். துணியை லிட்டில் ஜான் வில்லால் அளக்கிறான், ஒவ்வொரு அளவுக்கும் மூன்றடி தாண்டித் தாண்டி. இது என்ன அளவு என்று ஒருவன் முணுமுணுக்க, அவன் கைக்காசா, தாராளமாகத்தான் அளப்பான் என்று இன்னொருவன் சிரிக்கிறான். பாட்டே தன் நாயகனைக் கிண்டல் செய்யும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மடத்தில் நடப்பது இதைவிட நல்ல நாடகம். நைட் பழைய உடையில் போய், பணம் கொண்டுவராதவன் போல மண்டியிட்டுத் தவணை கேட்கிறான். மடத்தலைவர் மசியவில்லை. பக்கத்தில் ஒரு நீதிபதி, மடம் அவருக்குத் துணியும் பணமும் கொடுத்து முன்கூட்டியே தன் பக்கம் வைத்திருக்கிறது. நைட் சட்டென்று 400 பவுண்டை வட்டமேசையில் கொட்டுகிறான். நிலம் கைநழுவிய எரிச்சலில் மடத்தலைவர் நீதிபதியிடம், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். ஒரு பென்னிகூடத் தரமாட்டேன் என்கிறார் நீதிபதி. ஓராண்டு கழித்து அதே மடத்துத் துறவி ஒருவர் காட்டில் மாட்டுகிறார். என்னிடம் இருபது மார்க்தான் என்று பொய் சொல்கிறார், பையைக் கொட்டினால் 800 பவுண்டுக்கு மேல். மாதா தன் ஜாமீனை இரட்டிப்பாகத் தீர்த்துவிட்டாள் என்று ராபின் வைத்துக்கொள்கிறான். பிறகு நைட் கடனைத் திருப்ப வரும்போது அதை வாங்காமல், மேற்கொண்டு 400 பவுண்டு கொடுத்து அனுப்புகிறான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு பவுண்டு 240 பென்னி, ஆக 400 பவுண்டு 96,000 பென்னி. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கூலியாளின் நாட்கூலி மூன்று நான்கு பென்னி. நான்கு என்றே வைத்தாலும் 24,000 நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தால் எண்பது வருடம். இப்படி இரண்டு முறை கொடுக்கிறான், இரண்டும் ஒரே ஆளுக்கு. அந்த ஆளும், இரண்டு வருடத்துக்கு முன்வரை 400 பவுண்டு செலவு செய்யும் வசதியோடு இருந்ததாகத் தானே சொல்கிறான். ஏழைகளுக்கு இந்த முழுப்பாடலும் தருவது கடைசிக் கண்ணியில் ஒரு வரி: அவன் நல்ல கள்வன், ஏழைகளுக்கு நிறைய நன்மை செய்தான். என்ன நன்மை என்று பாட்டு சொல்லவில்லை.

பாட்டு யாருக்காகப் பாடப்பட்டது என்று பார்த்தால் இதில் வியப்பு இல்லை. ராபின் தன்னை 'யோமன்' என்கிறான். நைட்டுக்குக் கீழே, கூலியாளுக்கு மேலே நிற்கும் ஆள், சொந்தமாகக் கொஞ்சம் நிலமோ பெரிய வீட்டில் பணியோ உள்ளவன். கேட்டவர்களில் அந்த வகையினர் நிறைய. ராபின் தன் ஆட்களுக்குப் போடும் உத்தரவைப் பாருங்கள்: ஏர் பூட்டும் குடியானவனைத் தொடாதே, நல்ல யோமனைத் தொடாதே, பழக இனியவனாக இருந்தால் நைட்டையும் தொடாதே. அடித்துக் கட்டவேண்டியவர்கள் பிஷப்புகள். மறக்கக் கூடாதவன் நாட்டிங்ஹாம் ஷெரிஃப். பணக்காரன் என்பதற்காக யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. அடமானத்தில் நிலத்தை விழுங்கும் மடமும் காசுக்கு விலைபோன நீதியும்தான் அவன் எதிரிகள். அந்த மனக்குறை பொய்யல்ல என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட கதைக்கு மெருகு ஏறும்போது முதலில் அழிந்துபோவது செத்தவர்கள். ஏறத்தாழ 1450ஐச் சேர்ந்த கையெழுத்துப் பிரதியில் ராபினும் துறவியும் பற்றிய பாடல் இருக்கிறது. பூசைக்கு வந்த ராபினை ஒரு துறவி அடையாளம் கண்டு பிடித்துக்கொடுத்துவிட்டு, அரசனுக்குச் செய்தி கொண்டுபோகிறார். கூட ஒரு எடுபிடிப் பையன். வழியில் லிட்டில் ஜான் துறவியின் தலையை வெட்டுகிறான். அந்தச் சிறுவனை ராபினின் ஆட்களில் ஒருவனான மச் கொல்கிறான். பையன் செய்த குற்றம் ஒன்றுமில்லை, வெளியில் சொல்லிவிடுவானோ என்ற பயம், அவ்வளவுதான். இரண்டே வரியில் முடித்துவிட்டுப் பாட்டு நகர்ந்துவிடுகிறது. ராபினைப் பிடிக்க வந்த 'கை ஆஃப் கிஸ்போர்ன்' என்பவனைப் பற்றிய பாடலில், ராபின் அவன் தலையை வெட்டி வில்நுனியில் குத்தி, யாரென்று தெரியாதபடி கத்தியால் முகத்தைக் கீறுகிறான். இன்றைய சிறுவர் பதிப்புகளில் இந்தப் பையனைத் தேடினால் பொதுவாகக் கிடைக்கமாட்டான். இலங்கையில் 1864இல் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரன் சரதியலையும் ராபின் ஹூட் என்றுதான் சொல்கிறார்கள். அவனைப் பிடிக்கப்போய் மார்ச் 21 அன்று சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் துவான் சபானை, போலீஸ் துறை ஆண்டுதோறும் அதே நாளில் நினைவுகூர்கிறது. செத்தவனுக்குப் பின்னால் ஒரு துறை இருந்ததால் பெயர் பிழைத்தது. எடுபிடிப் பையனுக்கு யார் இருந்தார்கள்?

அப்படியானால் ஏழைகள் எப்போது உள்ளே வந்தார்கள்? எழுத்தில் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் 1521, ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேஜர். கொள்ளையைக் கண்டிக்கிறேன், ஆனாலும் கொள்ளையரில் இவனைப் போல் மனிதத்தன்மை உள்ளவன் இல்லை என்கிறார். பெண்களைத் துன்புறுத்த விடவில்லை, ஏழைகளிடம் பறிக்கவில்லை, மடத்தலைவர்களிடம் எடுத்ததை அவர்களுக்குக் கொடுத்தான் என்று எழுதுகிறார். ரிச்சர்ட் மன்னர் காலத்தில், 1190களில், அவனைக் கொண்டுபோய் வைத்தவரும் இவரே. இவருக்கு முன்பு எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 1283 என்கிறார், இன்னொருவர் 1266 என்கிறார். கெஸ்ட் பாடலில் வரும் அரசன் பெயரோ எட்வர்ட். மேஜர் சொன்ன காலமே நிலைத்துவிட்டது, அதோடு அவர் சொன்ன குணமும்.

புத்தகத்துக்கு வெளியே, ஊர் மே மாத விளையாட்டுகளில் ராபின் வேஷக்காரன் கூட்டத்தோடு சுற்றி வசூல் செய்தான். தேம்ஸ் கரையிலுள்ள கிங்ஸ்டன் போன்ற ஊர்களின் தேவாலயக் கணக்கேடுகளில் அந்த வரவு எழுதப்பட்டிருக்கிறது. வருடாவருடம் கொள்ளைக்காரன் வேஷத்தில் ஒருவன் பொதுக் காரியத்துக்குக் காசு பிரிப்பதைப் பார்த்த சனங்களுக்கு 'எடுத்துக் கொடுப்பவன்' என்ற படம் மனதில் பதிந்திருக்கும் என்பது என் ஊகம். காதலி மேரியன் அவனோடு சேர்ந்ததும் இந்த விளையாட்டுகளின் வழியாகத்தான், பழைய பாடல்களில் அவள் இல்லை. பிஷப் லாட்டிமர் 1549இல் அரசன் முன் செய்த பிரசங்கத்தில் புலம்புகிறார்: ஓர் ஊருக்குப் பிரசங்கம் செய்யப் போனாராம், கோவில் கதவு பூட்டு. அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தபின், இன்று ராபின் ஹூட் நாள், ஊரே வசூலுக்குப் போயிருக்கிறது என்றார்களாம்.

1598இல் ஆந்தனி மண்டே தன் நாடகங்களில் அவனை நிலமிழந்த ஹண்டிங்டன் பிரபுவாக்கினார். மெருகில் இதைத்தான் நான் மோசமானதாக நினைக்கிறேன். பிரபுவைத் திருடனாகக் காட்ட ஒரு சாக்கு வேண்டும், தருமம் அந்தச் சாக்காகிவிட்டது. யோமன் திருடனுக்குப் பாட்டுக்காரன் சாக்கு எதுவும் தேடவில்லை.

இப்படிப்பட்ட கதையைச் சோதிக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: சம்பவம் வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கிறதா? அமெரிக்காவில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற கொள்ளைக்காரன் ஒரு விதவைக்குக் கடனடைக்கப் பணம் கொடுத்தானாம், வசூலித்துக்கொண்டு போனவனை வழியில் மடக்கி அதே பணத்தைத் திரும்பப் பிடுங்கினானாம். வேறு கொள்ளையர்களைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். நைட், மடம், துறவி, 800 பவுண்டு என்பதும் அச்சு அசலாக இதே அமைப்பு. விதவைக்கு ஊரோ பெயரோ நாளோ இருக்காது. 1869இல் காலட்டின் என்ற ஊரின் வங்கியில், ஜெஸ்ஸி ஜேம்ஸ் பேரில் சொல்லப்படும் கொள்ளையில் சுட்டுக்கொல்லப்பட்ட காசாளர் ஜான் ஷீட்ஸுக்கு எல்லாம் இருக்கிறது. அவரை வேறொருவர் என்று நினைத்துச் சுட்டார்கள் என்பதே பரவலான கருத்து.

உண்மையான ராபின் யார் என்று கேட்பவர்களுக்கு: 1225இல் யார்க் நீதிமன்றத்தில் தப்பியோடிய ராபர்ட் ஹாட் என்று ஒருவன் பதிவாகியிருக்கிறான், பறிமுதலான சொத்து 32 ஷில்லிங் 6 பென்னி. ஆனால் 1262இலேயே வில்லியம் என்ற வேறொரு தப்பியோடியின் பெயரை எழுத்தர் 'ராப்ஹாட்' என்று மாற்றி எழுதியிருக்கிறார், அதாவது அப்போதே அது தப்பியோடிகளுக்கு ஒட்டும் பட்டப்பெயராகியிருக்க வேண்டும். 1439இல் டெர்பிஷையர்க்காரர்கள் பார்லிமெண்டுக்குக் கொடுத்த மனுவில், பியர்ஸ் வெனபிள்ஸ் என்பவன் கும்பலோடு காட்டுக்குள் போனான், ராபின் ஹூட்டும் அவன் ஆட்களும் போல, என்று இருக்கிறது. மனுக்காரர்கள் அதைப் பாராட்டாக எழுதவில்லை, அவனைப் பிடிக்கச் சொல்லித்தான் எழுதினார்கள்.