விற்பனைக்கு ஒரு 'ப்' போதும்… இல்லை, அந்த 'ப்'பே வேண்டாம்

மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் சுவரில் ஒரு வரி கண்ணில் படும்: 'இடம் விற்ப்பனைக்கு'. ஒத்தக்கடைப் பக்கம், நாகமலைப் பக்கம், திருமங்கலம் சாலை என்று புது மனைப் பிரிவு போடுகிற இடமெல்லாம் இதே 'ப்'தான். கூடவே 'பயிற்ச்சி மையம்', 'முயற்ச்சி', 'அதற்க்கு'. இதைப் படம் பிடித்து, "தமிழ் வளர்த்த மதுரையின் லட்சணத்தைப் பாருங்கள்" என்று கேலி செய்து பதிவு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பதிவுகள் பிடிப்பதில்லை. 'விற்ப்பனை' என்று எழுதியவருக்குத் தமிழ் காதில் நன்றாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்று வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்த வரிசை எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். சமீபத்தில் தையல் பயிற்சி மையம் தொடங்குகிற தம்பி ஒருவர் தன் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பயிற்சியில ஒரு ச் விட்டுப்போச்சு" என்றார். விட்டுப்போகவில்லை, அங்கே ச் வராது என்றேன். அவர் நோட்டீஸின் கீழ் வரியைக் காட்டினார். 'பெண்களின் வளர்ச்சிக்கு' என்று இருந்தது. "வளர்ச்சிக்கு ச் போட்டிருக்கீங்க. பயிற்சிக்கு மட்டும் ஏன் இல்ல?"

இதைவிட நல்ல கேள்வியை ஒரு மாணவன் கேட்க முடியாது. "அது அப்படித்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த பலகையில் மறுபடியும் தவறாகத்தான் எழுதுவார்.

பதில் அந்த ச்-க்கு முன்னால் இருக்கிற எழுத்தில் இருக்கிறது. பயிற்சியில் அது ற், வல்லினம். வளர்ச்சியில் அது ர், இடையினம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதையும் சும்மா விதியாகச் சொன்னால் இன்னொரு மனப்பாடமாகிவிடும். அதனால் அவரிடம் சில சொற்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

நட்பு, கற்பு. இங்கே 'பு' அழுத்தமாக வருகிறது. ட், ற் இரண்டும் மூச்சை அடைத்து நிறுத்துகிற எழுத்துகள். அடைத்த மூச்சு திறக்கும்போது அடுத்த ப தானாகவே வன்மையாகத்தான் ஒலிக்கும். மென்மையாகச் சொல்ல முயன்றாலும் வராது.

அன்பு, பண்பு. அதே 'பு'தான், ஆனால் இங்கே குழைந்து ஒலிக்கிறது. ன், ண் மூக்கின் வழியாக மூச்சை விடுகிற மெல்லினங்கள். அவற்றின் பின்னால் வருகிற வல்லினம் தன் வன்மையை இழந்துவிடுகிறது. பங்கு, பஞ்சு, பந்து எல்லாமே அப்படித்தான்.

இப்போது மார்பு, சார்பு என்று சொல்லுங்கள். குழைந்த பு. அப்புறம் வாய்ப்பு, ஈர்ப்பு என்று சொல்லுங்கள். அழுத்தமான பு. ஆக, ய், ர், ழ் ஆகிய இடையினங்களுக்குப் பின்னால் வல்லினம் இரண்டு விதமாகவும் ஒலிக்கும். நாக்கு மூச்சை முழுவதும் அடைப்பதில்லை, மூக்குக்கும் அனுப்புவதில்லை. வழி திறந்தே இருப்பதால் அடுத்த எழுத்து மெலியவும் முடியும், வலுக்கவும் முடியும்.

எழுத்தில் இரட்டிப்பு எதற்கு என்பது இங்கேதான் புரிகிறது. இரண்டு விதமாக ஒலிக்க வாய்ப்புள்ள இடத்தில், எந்த விதம் என்று காட்டத்தான் ஓர் ஒற்றைக் கூட்டுகிறோம். வல்லினத்துக்குப் பின்னால் எப்போதும் வலிய ஒலிதான், காட்ட ஒன்றுமில்லை. மெல்லினத்துக்குப் பின்னால் எப்போதும் மெலிந்த ஒலிதான், அங்கும் காட்ட ஒன்றுமில்லை. 'அன்ப்பு' என்று யாரும் எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். இடையினத்தில்தான் அந்தக் கூடுதல் ஒற்றுக்கு வேலை இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் இதைத்தான் ஈரொற்று என்ற பெயரில் சொல்கின்றன: ய், ர், ழ் மூன்றின் பின்னால் க ச த ப என்ற வல்லெழுத்துகளோ ங ஞ ந ம என்ற மெல்லெழுத்துகளோ இன்னோர் ஒற்றாக வரலாம்.

அந்த ஒற்று பொருளையே மாற்றும். பிள்ளை வளர்கிறது, தாய் வளர்க்கிறாள். மாடியில் வற்றல் காய்கிறது. கொல்லையில் முருங்கை காய்க்கிறது. அவர் கட்சியில் சேர்கிறார்; இன்னொருவரைச் சேர்க்கிறார். மெல்லொற்று வந்தாலும் அப்படித்தான்: வளர்ந்தான் வேறு, வளர்த்தான் வேறு. ஒரே ஓர் ஒற்று, செய்பவர் யார் என்பதையே மாற்றிவிடுகிறது. 'கேட்கிறான்' என்பதில் இன்னொரு க் சேர்த்துப் பாருங்கள். பொருளும் மாறாது, ஒலியும் மாறாது.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் அந்த ஒற்றைச் சேர்க்கிறார்கள்? மெய்ப்பு மேசையில் உட்கார்ந்து கவனித்ததில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, நம் பேச்சு. மதுரையில் யாரும் 'நிற்கிறான், விற்கிறான், கேட்கிறான்' என்று பேசுவதில்லை. நிக்கிறான், விக்கிறான், கேக்குறான். 'அதற்கு' என்பதும் பேச்சில் 'அதுக்கு'தான். வெவ்வேறான இரண்டு வல்லினங்கள் சேரும்போது முதலாவது இரண்டாவதோடு ஒன்றாகிவிடுகிறது. எழுத உட்காரும்போது காது க்க என்கிறது, பள்ளிக்கூட நினைவு ற் என்கிறது. எழுதுகிறவர் இரண்டையும் மதித்து இரண்டையும் போடுகிறார்: 'அதற்க்கு', 'நிற்க்க'. கவனக்குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, ற் என்பதை ர் போல ஒலிக்கிற பழக்கம். பலரும் பயிற்சியைப் 'பயிர்ச்சி' என்றுதான் வாசிக்கிறார்கள். ர் என்று காதில் விழுந்துவிட்டால் அடுத்து ச்ச வருவது முழுக்க முழுக்கத் தமிழ் முறைதான். வளர்ச்சி, உணர்ச்சி, தேர்ச்சி எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன. ஆக, அவர் கை இடையினத்தின் விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. நடுவில் இருக்கும் எழுத்து வல்லினம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

நம் ஊரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 'மீனாட்சி', 'அர்ச்சனை', 'கற்பூரம்' ஆகிய மூன்று சொற்களையும் சித்திரை வீதிகளில் பூசைச் சாமான் வாங்குகிற எல்லோரும் அடுத்தடுத்துச் சொல்வோம். மூன்றும் வடமொழியிலிருந்து வந்தவை. மூன்றையும் தமிழ் தன் எழுத்து வகைப்படி நடத்தியிருக்கிறது.

மீனாட்சியின் வடமொழி வடிவத்தில் இருப்பது க்ஷ. தமிழில் க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, அப்பா. க் என்ற ஒற்றுக்குப் பின்னால் ச வராது. ஆனால் ட், ற் இரண்டும் அப்படியில்லை. தம்மோடு சேர்வதுடன் க, ச, ப மூன்றையும் ஏற்கும். ஷ ஒலிக்கு நாக்கு மேலே வளைவதால் ட் பொருத்தமாகவும் அமைந்தது. மீனாட்சி பிறந்தாள். அதே வழியில் பட்சி, அட்சரம், பரீட்சை. ஆட்சி, காட்சி என்ற நம் சொற்களுக்கு ஏற்கனவே இருந்த அச்சு அது. ட் வல்லினமாதலால் ஒரு ச-வே போதும். 'மீனாட்ச்சி' என்று எழுதினால் மதுரைக்காரர் எவருக்கும் கண் உறுத்தும். அந்த உறுத்தல் 'முயற்ச்சி'யிலும் வர வேண்டும், காரணம் ஒன்றுதான்.

அர்ச்சனையில் ர் இடையினம், அதனால் ச்ச வந்தது. ஆனால் இங்கே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ர், ழ் இரண்டும் தனிக்குறிலை அடுத்து ஒற்றாக வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவேதான் பழைய நூல்களில் அருச்சனை, அருச்சுனன், தருமம் என்று நடுவில் ஓர் உகரம் நுழைந்திருக்கும். கற்பூரத்தில் உகரம் இல்லாத வேறு வழி கிடைத்தது. தனிக்குறில் க-வுக்குப் பின்னால் ர் வரக்கூடாது, ற் வரலாம். ர் இருந்த இடத்தில் ற் வந்தது, வல்லினமாதலால் ப ஒற்றையாகவே நின்றது. அதனால்தான் பாக்கெட்டில் 'கற்ப்பூரம்' என்று பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எல்லா இடையினத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ல், ள் இரண்டும் இடையினம்தான், ஆனால் ஈரொற்று ஏற்பதில்லை. செல்க, கொள்கை என்று ஒற்றையாக நிற்கும், அல்லது வல்லினம் வந்து சேரும்போது தாமே வல்லினமாக மாறிவிடும்: கல், கற்கள், முள், முட்கள். மாறியபின் அவை ற், ட்; அவற்றின் பின்னாலும் இன்னொரு க் வராது. பக்தி, சக்தி போன்றவற்றில் க்த நிற்கிறது. பழைய தமிழ் அவற்றைப் பத்தி, சத்தி என்றுதான் எழுதியது. இன்று சக்தி என்று பெயர் வைத்திருப்பவரை மாற்றி எழுதச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவர் பெயர்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'வல்லின எழுத்துகள் யாவை' என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். கசடதபற என்று பாடத் தெரிந்த பிள்ளையிடம் நட்பு, அன்பு, சார்பு, வாய்ப்பு நான்கையும் சொல்லச் சொல்லி, எங்கே பு அழுத்தமாக வருகிறது, ஏன் என்று கேளுங்கள். தையல் மையத் தம்பிக்கு அது போதுமானதாக இருந்தது. நோட்டீஸை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தவர், நான் கவனிக்காமல் விட்ட ஒரு வரியைக் காட்டினார்: 'தேர்சி பெற்றவர்களுக்குச் சான்றிதழ்'. "ர் இடையினம்தானே அண்ணே, இங்க ச் வரணும்ல?" என்றார். வரணும். போட்டுக் கொடுத்தேன்.